எட்டு வேண்டுகோளில் ஒன்றைத் தேர்வது

நுண்செயலி தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது வெளியிலிருந்து வரும் அவசர அழைப்புக்கு இன்டரப்ட் என்று பெயர். அழைப்பு வந்ததும் செயலி கையிலிருக்கும் கட்டளையை முடித்து, விட்ட இடத்தைக் குறித்து வைத்துவிட்டு, அழைத்த கருவிக்கான நிரலுக்குத் தாவும். வேலை முடிந்ததும் விட்ட இடத்துக்கே திரும்பும். அழைப்பது ஒரே கருவி என்றால் இதில் சிக்கல் இல்லை. எட்டுக் கருவிகள் ஒரே முனைக்காகக் காத்திருந்தால், யாரை முதலில் கவனிப்பது, அழைத்தது யார் என்று செயலிக்கு எப்படிச் சொல்வது என்ற இரண்டு கேள்விகளுக்கு வெளிச் சுற்றுதான் பதில் தர வேண்டும். அந்தச் சுற்றை டிகோடர், மல்டிபிளெக்சர், முன்னுரிமை என்கோடர் ஆகிய மூன்று வகைச் சிப்புகளைக் கொண்டே பெரும்பாலும் கட்டிவிடலாம். இன்டெல் 1976இல் வெளியிட்ட 8085 செயலி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பொறியியல் பாடத்தில் பலர் முதலில் தொட்டுப் பழகிய செயலியும் அதுவே.

8085இல் ஐந்து இன்டரப்ட் முனைகள் உண்டு. அவற்றில் நான்குக்கு, தாவ வேண்டிய முகவரி செயலிக்குள்ளேயே நிலையாக எழுதப்பட்டிருக்கிறது. ஐந்தாவது பொதுமுனை. அதில் 1 வந்தால் செயலி அதை ஏற்றுக்கொண்டு, ஏற்பு முனை என்ற இன்னொரு கம்பியை 0 ஆக்கும். “அழைத்தது யார் என்று சொல்” என்பதுதான் அதன் பொருள். அந்த நேரத்தில் வெளிச் சுற்று தரவுக் கம்பிகள் எட்டிலும் ஒரு கட்டளையை வைக்க வேண்டும். அதற்கென்றே ஒரு பைட் நீளமுள்ள `RST` கட்டளைகள் எட்டு இருக்கின்றன:

```
RST n = 1 1 n n n 1 1 1     தாவும் முகவரி = 8 × n
RST 0 = C7H  ->  0000H
RST 3 = DFH  ->  0018H
RST 7 = FFH  ->  0038H
```

எட்டு பிட்டுகளில் ஐந்து எப்போதும் 1. நடுவிலுள்ள மூன்று பிட்டுகள் மட்டுமே கருவியின் எண். ஆகவே சுற்று கண்டுபிடிக்க வேண்டியது 0 முதல் 7 வரையிலான ஓர் எண்ணை மட்டுமே.

ஒரு கொதிகலனின் கட்டுப்பாட்டுப் பலகையை எடுத்துக்கொள்வோம். அதில் அழுத்தத்தைக் கவனிக்க A, B, C என மூன்று ஸ்விட்சுகள் உள்ளன. அழுத்தம் எல்லை மீறினால் ஒவ்வொன்றும் 1 தரும். ஒரே ஒரு ஸ்விட்ச் பழுதாகி 1 காட்டினால் அபாய அழைப்பு எழக் கூடாது. ஒன்று பழுதாகி 0இலேயே நின்றாலும் உண்மையான அபாயம் மறையக் கூடாது. அதனால் மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துச் சொன்னால்தான் அழைப்பு என்று வைப்பது ஆலைகளில் வழக்கம். இந்தப் பெரும்பான்மை முடிவுதான் இங்கே கட்ட வேண்டிய லாஜிக் சார்பு. அதன் வெளியீடு ஏழாம் எண் வேண்டுகோளாக, எல்லாவற்றிலும் மேலான முன்னுரிமையோடு செல்லும். (எரிபொருளை நிறுத்தும் வேலையை நிரலை மட்டும் நம்பி விடக் கூடாது. அதற்கு நேரடிக் கம்பி இணைப்பு தனியே இருக்க வேண்டும். இன்டரப்ட் செயலிக்குச் செய்தி சொல்வதற்கு மட்டுமே.)

மூன்று உள்ளீடுகளுக்கு எட்டு நிலைகள். ABCஐ இரும எண்ணாகப் படித்தால் 3, 5, 6, 7 ஆகிய நான்கு நிலைகளில் விடை 1, மற்றவற்றில் 0. இதைக் கட்ட மிக நேரான வழி 74138 டிகோடர். மூன்று பிட் எண்ணை உள்ளே கொடுத்தால், அதன் எட்டு வெளியீடுகளில் அந்த எண்ணுக்குரிய கம்பி மட்டும் மாறும். அதாவது மெய் அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கம்பி தயாராக இருக்கிறது. நமக்கு வேண்டிய நான்கு கம்பிகளைச் சேர்த்தால் சார்பு கிடைத்துவிடும்.

சேர்க்கும் விதத்தில்தான் தவறு நிகழ்கிறது. 74138இன் தேர்ந்த கம்பி 0 ஆகும். மற்ற ஏழும் 1இல் நிற்கும். அல்லது என்ற சொல்லைக் கேட்டதும் ஓர் கேட்டைப் போட்டால், நான்கு கம்பிகளில் ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மேல் 0 ஆக வழியில்லாததால், விடை எப்போதும் 1ஆகவே நிற்கும். ஆண்ட் கேட் போட்டால் விடை தலைகீழாக வரும். வேண்டியது நான்கு உள்ளீட்டு நாண்ட் கேட், அதாவது 7420. அதன் உள்ளீடுகளில் ஏதேனும் ஒன்று 0 ஆனால் வெளியீடு 1. பலகையில் சார்பின் வெளியீடு எதற்கும் அசையாமல் 1இல் நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தக் கேட்டைத்தான்.

மல்டிபிளெக்சர் வழி இன்னும் சிக்கனமானது. அது பல உள்ளீடுகளில் ஒன்றைத் தேர்ந்து வெளியே அனுப்பும் சிப். எட்டு உள்ளீட்டு மல்டிபிளெக்சரில் ABCஐத் தேர்வு முனைகளில் கொடுத்து, மெய் அட்டவணையின் விடைக் கட்டத்தை அப்படியே எட்டு உள்ளீடுகளிலும் 0, 1 என்று கட்டிவிடலாம். ஆனால் நான்கு உள்ளீடே போதும். A, B இரண்டையும் தேர்வுக்கு வைத்து, ஒவ்வொரு நிலையிலும் விடை Cஐ எப்படிச் சார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். A, B இரண்டும் 0 என்றால் C எதுவானாலும் பெரும்பான்மை 0. இரண்டும் 1 என்றால் விடை 1. ஒன்று 1, மற்றது 0 என்றால் தீர்ப்புச் சொல்வது C. ஆகவே உள்ளீடுகள் வரிசையாக 0, C, C, 1.

74153 சிப்பில் இப்படிப்பட்ட நான்கு உள்ளீட்டு மல்டிபிளெக்சர் இரண்டு உண்டு. தேர்வு முனைகள் இரண்டுக்கும் பொது. இந்தப் பலகைக்கு அது வாய்ப்பாக அமைகிறது. இரண்டாம் பாதியில், மூன்று ஸ்விட்சுகளும் ஒத்துப்போகவில்லை என்பதைக் கண்டறியும் சார்பைக் கட்டலாம். A, B வேறுபட்டால் விடை 1. இரண்டும் 0 என்றால் விடை C. இரண்டும் 1 என்றால் விடை Cஇன் எதிர்மறை. உள்ளீடுகள்: C, 1, 1, C′. பெரும்பான்மையில் தோற்ற ஸ்விட்ச் பழுதானதாக இருக்கலாம் என்ற எச்சரிக்கையை இது இரண்டாம் எண் வேண்டுகோளாக அனுப்பும். ஒரே சிப்பும் ஓர் இன்வெர்ட்டரும் இரண்டு சார்புகளைத் தந்துவிட்டன.

பாடநூல்கள் பொதுவாக Aஐ உயர் பிட்டாக எழுதுகின்றன. சிப் தயாரிப்பாளரின் தாளிலோ A என்று பெயரிட்ட முனை தாழ் பிட். பெயரைப் பார்த்துப் பெயரோடு இணைத்தால் வரிசை தலைகீழாகும். பெரும்பான்மைச் சார்பில் இந்தத் தவறு தெரியவே தெரியாது. அது மூன்று உள்ளீடுகளையும் சமமாக நடத்துவதால், எப்படி மாற்றி இணைத்தாலும் அதே விடையைத் தரும். அது சரியாக வேலை செய்கிறது என்பதை வைத்து, முனைகளின் வரிசை சரி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதே பழக்கத்தில் அடுத்த சிப்பையும் இணைத்தால் அங்கே பிழை வெளிவரும்.

இனித் தேர்வுச் சுற்று. 74148 முன்னுரிமை என்கோடருக்கு 0 முதல் 7 வரை எட்டு உள்ளீடுகள். சாதாரண என்கோடருக்கு ஒரே நேரத்தில் இரண்டு உள்ளீடுகள் வந்தால் அர்த்தமில்லாத எண் வெளிவரும். முன்னுரிமை என்கோடரோ பெரிய எண்ணுள்ளதை மட்டும் ஏற்று, மற்றவை இருப்பதையே கணக்கில் எடுக்காது. இரண்டாம் எண்ணும் ஏழாம் எண்ணும் சேர்ந்து அழைத்தால் ஏழுதான் வெளிவரும். இந்தச் சிப்பில் உள்ளீடு, வெளியீடு இரண்டுமே தலைகீழ். வேண்டுகோள் என்றால் 0. ஏழாம் எண்ணுக்கு வெளிவருவது 000. பூஜ்ஜியம் எண்ணுக்கு 111. யாருமே அழைக்காதபோதும் 111தான். அதனால் ‘யாரோ அழைக்கிறார்கள்’ என்று சொல்ல மட்டும் தனி முனை ஒன்று வைத்திருக்கிறார்கள். அந்த முனையை ஓர் இன்வெர்ட்டர் வழியாகச் செயலியின் பொது இன்டரப்ட் முனைக்குக் கொண்டுபோகலாம்.

எண்ணைச் செயலியிடம் கொடுக்க 74240 பொருத்தமானது. எட்டுக் கம்பிகளையும் தலைகீழாக்கி அனுப்பும் அதை, ஏற்பு முனை 0 ஆகும்போது மட்டும் திறக்கும்படி இணைக்கலாம். மற்ற நேரத்தில் அது தரவுக் கம்பிகளிலிருந்து விலகி நிற்கும். என்கோடரின் மூன்று கம்பிகளை நடு பிட்டுகளுக்கு இணைத்து, மீதி ஐந்து உள்ளீடுகளையும் தரையோடு கட்டினால், தலைகீழாகி வெளிவருவது சரியான `RST` கட்டளை. ஏழாம் எண் அழைத்தால் 000 தலைகீழாகி 111, முழுப் பைட் `FFH`. செயலி `0038H` முகவரிக்குத் தாவும். 3.072 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 8085க்கு ஒரு துடிப்பு சுமார் 325 நானோ விநாடி. இந்தச் சிப்புகள் ஒவ்வொன்றுக்கும் சில பத்து நானோ விநாடிகளே போதும் என்பதால் நேரத்துக்குப் பஞ்சமில்லை.

இத்தோடு நிறுத்தினால் மேசையில் சுற்று வேலை செய்யும். ஆலையில் அவ்வப்போது விசித்திரமாக நடந்துகொள்ளும்: எந்தக் காரணமும் தெரியாமல் நிரல் முதலிலிருந்து தொடங்கும். காரணம் இதுதான். ஒரு கருவி வேண்டுகோளை எழுப்பி, செயலி அதைக் கவனித்து ஏற்பு முனையை 0 ஆக்குவதற்குள் வேண்டுகோளை விலக்கிக்கொண்டால், அந்த நேரத்தில் என்கோடரில் இருப்பது 111. அது தலைகீழாகி 000, அதாவது `RST 0`. அதன் முகவரி `0000H`. மின்சாரம் வந்ததும் செயலி தொடங்கும் முகவரியும் அதுவே. வேண்டுகோள் காணாமல்போனது மறுதொடக்கமாக வெளிப்படுகிறது.

இதைக் கண்டறிய இரண்டு வழிகள். லாஜிக் அனலைசர் இருந்தால், ஏற்பு முனை 0 ஆக இருக்கும்போது தரவுக் கம்பிகளில் `C7H` வந்தால் பிடிக்கும்படி அமைத்துக் காத்திருக்கலாம். கருவி இல்லாவிட்டால், ராமில் ஓரிடத்தில் நிரல் தொடங்கும்போது குறிப்பிட்ட சில பைட்டுகளை எழுதி வைக்க வேண்டும். அடுத்த தொடக்கத்தில் அந்தப் பைட்டுகள் அப்படியே இருந்தால், ரீசெட் பொத்தானையும் யாரும் அழுத்தவில்லை என்றால், மின்சாரம் போகாமலேயே நிரல் தொடக்கத்துக்கு வந்திருக்கிறது என்று அறியலாம். பூஜ்ஜியம் எண் உள்ளீட்டை எந்தக் கருவிக்கும் கொடுக்காமல் 1இல் கட்டிவிடுவதும் நல்லது. அப்போது `RST 0` வந்தாலே அது பிழைதான் என்று உறுதி.

மருந்து, வேண்டுகோளைப் பிடித்து வைப்பது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு 7474 ஃபிளிப்-ஃபிளாப் வைத்தால், வேண்டுகோள் எழும் கணத்தில் அது மாறி, அழிக்கும்வரை அப்படியே நிற்கும். அதன் தலைகீழ் வெளியீடு நேராக என்கோடருக்குப் போகும். யார் அழிப்பது? இங்கேதான் டிகோடர் மறுபடியும் வருகிறது. தேர்ந்த எண்ணை இன்னொரு 74138க்குக் கொடுத்து, ஏற்பு முனை 0 ஆகும்போது மட்டும் அதை இயங்க வைத்தால், கவனிக்கப்பட்ட கருவிக்கு மட்டும் ஒரு 0 போய் அதன் ஃபிளிப்-ஃபிளாப்பை அழிக்கும். ஃபிளிப்-ஃபிளாப்பின் அழிப்பு முனையும் 0இல்தான் இயங்குகிறது. நடுவில் வேறு கேட் வேண்டாம். என்கோடரின் எண் தலைகீழ் என்பதை மட்டும் மறக்கக் கூடாது: ஏழாம் கருவியின் அழிப்புக் கம்பி டிகோடரின் பூஜ்ஜியம் வெளியீட்டில் இருக்கும், ஆறாவது ஒன்றில், இப்படியே கடைசிவரை.

ஆனால் ஏற்பின் நடுவிலேயே வேண்டுகோளை அழித்தால், செயலி கட்டளையைப் படித்து முடிப்பதற்குள் என்கோடரின் எண் மாறிவிடும். புதிய வேண்டுகோள் நடுவில் வந்தாலும் அதே கதி. மூன்றாம் எண் காத்திருக்கும்போது நான்காம் எண் வந்தால், என்கோடரின் வெளியீடு 100இலிருந்து 011க்குப் போகும். மூன்று பிட்டுகளும் மாறுகின்றன, ஒரே கணத்தில் அல்ல. இடையில் படித்தால் மூன்றும் இல்லை, நான்கும் இல்லை; ஏழாகவோ பூஜ்ஜியமாகவோகூட இருக்கலாம். அதனால் என்கோடருக்கும் 74240க்கும் நடுவில் 74373 லாட்ச் ஒன்று வேண்டும். அதன் திறப்பு முனை 1 ஆக இருக்கும்போது உள்ளே வருவது வெளியே போகும். 0 ஆனதும் கடைசி எண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஏற்பு முனையை அதனுடன் இணைத்தால் ஏற்பு தொடங்கியதும் எண் உறைந்துவிடும். 74138க்கும் இந்த உறைந்த எண்ணைத்தான் கொடுக்க வேண்டும்.

ஏற்பு முடியும் கணத்தில் இன்னொரு போட்டி இருக்கிறது. ஏற்பு முனை 1 ஆகும்போது லாட்ச் திறக்கிறது, டிகோடர் மூடுகிறது. லாட்ச் முந்திக்கொண்டால், அடுத்துக் காத்திருக்கும் கருவியின் எண் இன்னும் மூடாத டிகோடருக்குள் நுழைந்து, கவனிக்கப்படாத அந்த வேண்டுகோளையே அழித்துவிடும். அழைப்பு சுவடில்லாமல் தொலைந்துபோகும் இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். இரண்டு கருவிகள் சேர்ந்து அழைக்கும்போது மட்டுமே நிகழும் என்பதால், ஒவ்வொன்றாகச் சோதித்தால் எல்லாம் சரியாகவே தெரியும். லாட்சின் திறப்பு முனைக்குப் போகும் கம்பியில் மட்டும் இரண்டு இன்வெர்ட்டர்களைத் தொடராக வைத்தால் லாட்ச் சற்றுத் தாமதமாகத் திறக்கும், டிகோடர் முதலில் மூடிவிடும். ஏற்பு தொடங்கும்போதும் லாட்ச் அதே அளவு தாமதமாக மூடும். ஆனால் அழிப்பு டிகோடர், ஃபிளிப்-ஃபிளாப், என்கோடர் என்று மூன்றைக் கடந்து வர வேண்டியிருப்பதால் எண் அதற்குள் மாறாது. என்றாலும் லாட்ச் மூடும் அதே கணத்தில் வெளியிலிருந்து புதிய வேண்டுகோள் வந்தால் கலந்த எண் பிடிபடும் வாய்ப்பு சில நானோ விநாடிகளுக்கு உண்டு. அதையும் அடைக்க வேண்டுமானால், வேண்டுகோள்கள் செயலியின் கடிகாரத் துடிப்பில் மட்டுமே மாறும்படி ஒரு பதிவேட்டைக் கடந்து என்கோடருக்கு வர வேண்டும்.

வேண்டுகோளைப் பிடித்து வைத்ததால் ஏழாம் எண்ணில் புதிய தொல்லை ஒன்றும் பிறந்திருக்கிறது. B, C இரண்டும் 1 ஆக இருக்கும்போது A 0இலிருந்து 1க்கு மாறுவதாகக் கொள்வோம். விடை முன்பும் 1, பின்பும் 1. ஆனால் மல்டிபிளெக்சர் ஓர் உள்ளீட்டை விட்டு இன்னோர் உள்ளீட்டுக்குத் தாவும் அந்த இடைவெளியில் வெளியீடு சில நானோ விநாடிகள் 0க்கு விழுந்து எழக்கூடும். டிகோடரும் நாண்டும் சேர்ந்த சுற்றிலும் இதே நிலைதான். முன்பு இது யாருக்கும் தெரியாது. இப்போதோ விழுந்து எழுவதைப் புதிய வேண்டுகோளாக ஃபிளிப்-ஃபிளாப் பிடித்து வைத்துவிடலாம். ஸ்விட்சின் தொடுமுனையும் மூடும்போது சில மில்லி விநாடிகள் துள்ளும். ஆகவே பெரும்பான்மைச் சுற்றின் வெளியீட்டை நேரே கொடுக்காமல், பத்து மில்லி விநாடிக்கு ஒருமுறை மாதிரி எடுக்கும் இன்னொரு ஃபிளிப்-ஃபிளாப் வழியாகக் கொடுக்க வேண்டும். கொதிகலனின் அழுத்தத்துக்குப் பத்து மில்லி விநாடி ஒரு பொருட்டல்ல. சிப்புக்கோ அது நெடுங்காலம். AB, BC, CA என்ற மூன்று பெருக்கங்களைத் தனித்தனி கேட்டுகளில் கட்டிச் சேர்த்தால், ஒரு நேரத்தில் ஓர் உள்ளீடு மட்டும் மாறும்வரை இந்தத் தடுமாற்றமே வராது. தூய்மையான வெளியீடுதான் முக்கியம் என்றால், மல்டிபிளெக்சரைவிட அந்தப் பழைய வழியே மேல்.

இவ்வளவும் செய்த பின்னும் இந்தச் சுற்றுக்கு ஓர் எல்லை உண்டு. காத்திருப்பவர்களில் யார் பெரியவர் என்பது மட்டுமே என்கோடருக்குத் தெரியும். செயலி இப்போது யாரைக் கவனித்துக்கொண்டிருக்கிறது என்பது தெரியாது. ஏழாம் எண்ணின் நிரல் ஓடும்போது அதன் வேண்டுகோள் ஏற்கெனவே அழிக்கப்பட்டுவிட்டது. அந்த நிரல் நடுவில் `EI` கட்டளையால் இன்டரப்டைத் திறந்தால், இரண்டாம் எண்ணின் பராமரிப்பு எச்சரிக்கை உள்ளே நுழைந்து அபாய நிரலை நிறுத்திவிடும். இன்டெல்லின் 8214 சிப், கவனிக்கப்படும் எண்ணைக் குறித்து வைத்துப் புதிய வேண்டுகோளை அதனுடன் ஒப்பிட்டு இதைத் தடுத்தது. பின்னர் வந்த 8259, கவனிப்பில் உள்ளவற்றுக்குத் தனிப் பதிவேடு வைத்ததோடு, பாதியில் மறைந்த வேண்டுகோளுக்கு `0000H`க்குப் போகாமல் ஏழாம் எண்ணுக்குரிய முகவரியைத் தந்தது. தனிச் சிப்புகளால் கட்டியவர்கள் அந்த ஒழுங்கை நிரலில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்: அபாய நிரலில் `EI` வர வேண்டிய இடம் `RET` கட்டளைக்கு நேர் முன்னால் மட்டுமே.